புதன்கிழமை மீட்டிங் இல்லை, சரி... மெயில் மட்டும் ஏன் இப்படிக் குவியுது?

வேலை நேரம் முடிந்த பிறகு வரும் ஆபீஸ் போனையும் மெயிலையும் கண்டுகொள்ளாமல் விட ஊழியருக்கு உரிமை வேண்டும் என்று ஒரு மசோதா. 2025 டிசம்பரில் மக்களவையில் சுப்ரியா சுலே எம்.பி அறிமுகம் செய்தார். அந்தச் செய்தியை நீங்களும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கக்கூடும். கூடவே ரெண்டு ஹார்ட்டின் எமோஜியும்!

ஆனால், அது தனிநபர் மசோதா. அரசு கொண்டுவராமல் ஓர் உறுப்பினர் தனியாகக் கொண்டுவரும் மசோதா நம் நாட்டில் கடைசியாகச் சட்டமானது 1970-ல். அதனால், இந்த வாரமே உங்கள் இன்பாக்ஸை அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

சட்டம் வந்த நாட்டில் மட்டும் என்ன நடக்கிறது? ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இந்த உரிமை அமலில் இருக்கிறது. அங்கேயும் ராத்திரி மெயில் அனுப்ப மேலாளருக்குத் தடை இல்லை. மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை, பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான். அனுப்புகிறவரின் பழக்கத்தைச் சட்டம் தொடவில்லை. அதைத் தொட வேண்டியது டீம்தான். சில டீம்கள் ஆரம்பித்தும் விட்டன. ஆனால், பாதியோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

காலண்டரைக் கழுவிய கம்பெனி

கனடாவின் ஷாப்பிஃபை, 2023 ஜனவரியில் ஒரு அதிரடி வேலை பார்த்தது. இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்கிற, தானாகத் திரும்பத் திரும்ப வருகிற மீட்டிங்குகளைக் காலண்டரில் இருந்து அழித்தது. புதன்கிழமை மீட்டிங்கே கிடையாது என்றது. அழித்ததைத் திரும்பச் சேர்க்க நினைப்பவர்கள் இரண்டு வாரம் பொறுத்திருந்து, உண்மையிலேயே தேவையா என்று யோசித்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது புதன்கிழமை விஷயம் இல்லை, அந்த இரண்டு வாரம்தான். ஏனென்றால், திரும்பத் திரும்ப வருகிற மீட்டிங்கை யாரும் முடிவு செய்து நடத்துவதில்லை. 2022-ல் யாரோ போட்டது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அழித்துப் பார்த்தால்தான் யார் தேடுகிறார்கள் என்று தெரியும். பல மீட்டிங்குகளை யாருமே தேட மாட்டார்கள்.

ஷாப்பிஃபையின் இன்னொரு நல்ல விஷயம், எது மீட்டிங் என்பதற்கு ஓர் எண் வைத்தது. அந்த எண் இல்லாவிட்டால், 'இது மீட்டிங் இல்லப்பா, சும்மா ஒரு சின்ன கால்' என்று ஆறு பேரை உட்கார வைத்துவிடுவார்கள்.

ஓ.எம்.ஆர் கணக்கு

இதையே நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓ.எம்.ஆரில் எட்டு பேர் கொண்ட ஒரு டீம், கிளையன்ட் நியூ ஜெர்சியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை வழக்கமாக மூன்று மீட்டிங். எட்டுப் பேரும் உட்காரும் ஒரு மணி நேர ஸ்டேட்டஸ் மீட்டிங். பேருக்கு 15 நிமிடம் என்றாலும் அரை மணி நேரம் இழுக்கும் ஸ்டாண்ட்-அப். நாலு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் செய்யும் ரிவ்யூ. ஆட்களின் நேரத்தைக் கூட்டினால் 8, 4, 4 என மொத்தம் 16 மணி நேரம்.

மீட்டிங் இல்லாத புதன் என்று அறிவித்துவிட்டால், 16 மணி நேரமும் மிச்சமா? இல்லை. ஸ்டேட்டஸை ஒவ்வொருவரும் எழுதிப் போட 10 நிமிடம், மற்றவர்கள் எழுதியதைப் படிக்க 10 நிமிடம். எட்டுப் பேருக்கு 2 மணி 40 நிமிடம். ஸ்டாண்ட்-அப்புக்குப் பதில் மூன்று வரி, எழுத 5 நிமிடம், படிக்க 5 நிமிடம். அது 1 மணி 20 நிமிடம். ரிவ்யூவை எழுத்தில் செய்ய முடியாது, அது வியாழனுக்குப் போகும். அந்த 4 மணி நேரம் அப்படியே இருக்கிறது. ஆக மிச்சம் 8 மணி நேரம், பாதிக்குப் பாதி.

எட்டு மணி நேரம் என்பது ஒருவரின் ஒரு முழு நாள். நல்ல லாபம்தான். ஆனால் அந்த லாபம் நிற்பதும் கரைவதும் மெயிலின் கையில் இருக்கிறது. மீட்டிங்கில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எங்கேயும் போகவில்லை. புதன் காலை 10 மணிக்கு 'Quick clarification' என்று ஒரு மெயில் வரும். அதற்கு ஒருவர் எல்லோருக்கும் பதில் போடுவார். இன்னொருவர் 'Adding Suresh in loop' என்பார். சுரேஷுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. மத்தியானம் ஆகியும் முடிவு வராததால் 'Gentle reminder' வரும். நம் ஆபீஸ்களில் அதைவிட ஜென்டில் இல்லாத வாசகம் வேறு கிடையாது! மூன்று மணிக்கு மேலாளரும் Cc-யில் வந்துவிடுவார். மீட்டிங்கில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம், எட்டுப் பேர் இன்பாக்ஸில் நாள் முழுக்க ஓடியிருக்கும்.

அடுத்த வாரமே யாராவது சொல்வார்கள், 'இதுக்கு மீட்டிங்கே தேவலாம்.' திட்டம் சாகும் இடம் அதுதான்.

Cc-யில் ஒளிந்திருக்கும் பயம்

மெயில் நாகரிகம் என்றதும் 'நன்றி, வணக்கம் சரியாகப் போடு' என்று பாடம் எடுப்பார்கள். பிரச்னை மரியாதையில் இல்லை. ஏன் ஏழு பேரை Cc-யில் போடுகிறோம்? 'எனக்குச் சொல்லவே இல்லையே' என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. Cc என்பது நம் ஊர் ஆபீஸில் தகவல் இல்லைங்க, இன்ஷூரன்ஸ். அந்தப் பயத்துக்கு விடை சொல்லாமல் 'Cc-யைக் குறையுங்கள்' என்று சர்க்குலர் போட்டால், அந்தச் சர்க்குலரே நாற்பது பேருக்கு Cc-யில் போகும்.

அதனால், விதியை வாங்குபவர் பக்கம் இருந்து எழுத வேண்டும். Cc-யில் இருப்பவருக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை, படிக்காததற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று டீம் ஒப்புக்கொண்டுவிட்டால், இன்ஷூரன்ஸ் காலாவதி ஆகிவிடும். பிறகு ஒருவரிடம் வேலை நடக்க வேண்டும் என்றால், அவரை To-வில் போட்டே ஆக வேண்டும். இதற்கு ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போதும். தேடும் பெட்டியில் `cc:me` என்று கொடுத்து, வருவதைத் தனி லேபிளுக்கு அனுப்பிவிடலாம். அவுட்லுக்கிலும் உங்கள் பெயர் Cc-யில் இருந்தால் வேறு ஃபோல்டருக்கு நகர்த்த ரூல் போட முடியும். ஆனால் ஒன்று. டீம் பேசி ஒப்புக்கொள்வதற்கு முன் நீங்கள் மட்டும் இதைச் செய்தால், முதல் வாரமே மாட்டிக்கொள்வீர்கள்.

எழுதி வைக்க வேண்டியது ஒரு பக்கம் போதும். மேலே சொன்ன எட்டுப் பேர் டீமுக்கு அது இப்படி இருக்கலாம். அப்படியே எடுத்து, உங்களுக்கு ஏற்ற மாதிரி நேரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

*புதன் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, மூன்று பேரோ அதற்கு மேலோ சேரும் எந்த அழைப்பையும் நாம் வைக்க மாட்டோம். இரண்டு பேர் போனில் பேசிக்கொள்வது மீட்டிங் ஆகாது. புதன் ஸ்டேட்டஸை 11 மணிக்குள் எழுதிப் போடுவோம்.*

*மெயிலுக்கு அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதில். சாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குள். அதற்குள் தேவை என்றால் போன் செய்வோம். போன் வராத எதுவும் அவசரம் இல்லை.*

*வேலை கேட்கும் மெயிலில் To-வில் ஒரே ஒரு பெயர். சப்ஜெக்ட்டில் `[ACTION by Thu 4 PM]` என்று கெடுவோடு எழுதுவோம். தகவல் மட்டும் என்றால் `[FYI]`. Cc-யில் இருப்பவர் பதில் சொல்லத் தேவையில்லை. 'Noted', 'Thanks' என்று எல்லோருக்கும் பதில் போட மாட்டோம்.*

*ஒரே மெயில் மூன்று முறை போய் வந்தும் முடியவில்லை என்றால், நான்காவது பதிலுக்குப் பதில் போன். பேசி முடித்தவர் முடிவை இரண்டு வரியில் அதே மெயிலில் எழுதுவார்.*

*இரவு 8 மணிக்கு மேல் எழுதும் மெயிலை `Schedule send` வைத்து மறுநாள் காலை 9.30-க்கு அனுப்புவோம்.*

இதில் உயிர்நாடி இரண்டாவது பத்தி. அவசரம் என்றால் போன் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான், நீங்கள் இன்பாக்ஸை மூடிவிட்டு ஒன்றரை மணி நேரம் வேலை பார்ப்பீர்கள். அது இல்லாவிட்டால், மீட்டிங் இல்லாத நாளிலும் அஞ்சு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கடைசிப் பத்தி முக்கியமாக மேலாளர்களுக்கு. 'இப்போ பதில் வேண்டாம், காலையில் பார்த்துக்கலாம்' என்று ராத்திரி 11 மணிக்கு வரும் மெயிலைப் படிக்காமல் தூங்கும் ஜூனியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எங்கே உடையும்?

முதலில், கிளையன்ட். நியூ ஜெர்சியில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. குளிர்காலத்தில் 7.30. புதன் மாலை கிளையன்ட் கால் இருந்தால், 'மீட்டிங் இல்லாத நாள்' என்ற பெயரே கிண்டல் ஆகிவிடும். அதனால்தான் மேலே மாலை 6 மணி வரை என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு காலைப் பொய் சொல்லாமல் விதிவிலக்காக எழுதி வைப்பதே மேல். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதிப் பேர் மத்தியானமே ஊருக்கு பஸ் பிடிக்கும் நாள், அது தானாகவே காலிதான். திங்களும் வேண்டாம், வாரக் கடைசியில் சேர்ந்ததைப் பேசாமல் தீராது.

இரண்டாவது, புதிதாகச் சேர்ந்தவர்கள். சீனியர்களுக்கு அமைதி கிடைக்கும் அதே நாளில், ஆறு மாத ஃப்ரெஷர் ஒரு எரரில் மாட்டிக்கொண்டு காலையில் இருந்து சாயங்காலம் வரை முழித்துக்கொண்டிருப்பார். போன் பண்ணுவது 'அவசரத்துக்கு' என்று விதியில் எழுதியிருக்கிறதே, அண்ணனை எப்படித் தொந்தரவு செய்வது? இதை நான் பெரிய ஓட்டையாகப் பார்க்கிறேன். புதன் 3 முதல் 4 வரை ஒரு சீனியர் சந்தேகங்களுக்கு போன் எடுப்பார், யார் என்பது வாராவாரம் மாறும் என்று ஒரு வரி சேர்த்தால் அடைந்துவிடும். இரவு பகலாக ஷிஃப்ட்டில் ஓடும் சப்போர்ட் டீம்களுக்கு, எல்லோருக்கும் ஒரே நாள் என்பது நடக்காது. ஆளுக்கு ஒரு நாள் என்று சுற்றில் விடலாம்.

மூன்றாவது, இடம்பெயர்வு. புதனில் இருந்து துரத்தப்பட்ட மீட்டிங் செவ்வாயிலும் வியாழனிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆரம்பிக்கும் முன் ஒரு வாரத்தின் மொத்த மீட்டிங் நேரத்தைக் காலண்டரில் இருந்து கூட்டி எழுதி வையுங்கள். நாலு வாரம் கழித்து மறுபடி கூட்டுங்கள். புதன் காலியாகி, மொத்தம் அதே அளவில் இருந்தால், நீங்கள் எதையும் குறைக்கவில்லை, நகர்த்தி மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் இன்னும் ஒரு நாளைச் சேர்க்கலாமா? 76 கம்பெனிகளை வைத்து 2022-ல் எம்.ஐ.டி ஸ்லோன் மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் வந்த ஆய்வு, வாரத்தில் மூன்று நாள் வரை நல்ல பலன் என்கிறது. அதைத் தாண்டினால் சரிய ஆரம்பிக்கிறதாம். மூன்று நாள் நம் ஊர் கிளையன்ட் வேலைக்குக் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றில் ஆரம்பித்து, நாலு வாரக் கணக்கு இறங்கியிருந்தால் மட்டும் இரண்டாவதாக ஓர் அரை நாள் கேளுங்கள்.

அந்தக் கணக்குப் பார்க்கும் நாளில் இன்னொன்றையும் எண்ணிவிடுங்கள். நாலு புதன்களில், 'இன்னைக்கு மட்டும்' என்று எத்தனை மீட்டிங் உள்ளே வந்தது, யார் வைத்தது? இரண்டு முறைக்கு மேல் ஒரே பெயர் வந்தால், விதியை மாற்றி எழுதுவதில் பயன் இல்லை. அவரிடம் நேரில் பேச வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மேனேஜர் பெயராகத்தான் இருக்கும். அதனால் அந்த எண்ணிக்கையை அவரையே எடுக்கச் சொல்லிவிடுவது நல்லது.