விடைக்குறிப்பு வெட்டியெறியும் BC

கர்னாஃப் வரைபடப் பயிற்சித் தாள்களில் அடிக்கடி தென்படும் கணக்கு F(A,B,C) = Σm(1,3,6,7). விடைக்குறிப்பு AB + A'C என்பதோடு நின்றுவிடுகிறது. 3, 7 ஆகிய கட்டங்களையும் இணைத்து BC-ஐச் சேர்க்கும் மாணவருக்கு, ‘மிகையான உறுப்பு’ என்று மதிப்பெண் குறைக்கப்படுகிறது.

பூலியன் இயற்கணிதப்படி அது மிகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மெய்யான சுற்றில் B, C இரண்டும் 1-ஆக நிற்க, A மட்டும் 1-இலிருந்து 0-க்கு இறங்கட்டும். AB அணைந்துவிடுகிறது, A' எழுவதோ நாட் கேட்டின் தாமதத்தால் பிந்துகிறது. அந்த இடைவெளியில் இரண்டு ஆண்ட் கேட்களும் 0. மாறாமல் 1-ஆக இருக்கவேண்டிய வெளியீடு ஒரு கணம் சரிகிறது. BC இருந்திருந்தால் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

அடுத்த கடிகாரத் துடிப்புக்கு முன் வெளியீடு நிலைபெற்றுவிட்டால் கேடில்லை என்பர். உண்மையே. எனினும் C-இன் இடத்தில் வெளியீட்டையே திருப்பிக் கொடுத்தால், இதே சுற்று ஒரு லாட்ச் ஆகிறது. A அதன் இயக்கு உள்ளீடு, B அதன் தரவு. அங்கே அந்தச் சரிவு, சேமிக்கவேண்டிய 1-ஐயே இழக்கச் செய்யலாம்.

‘சுருக்குக’ என்று மட்டும் கேட்டுவிட்டு, தாமதத்தைப் பற்றி ஒரு வரியும் பேசாத தாளுக்கு, BC எழுதியவரைத் தவறிழைத்தவர் என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?