காசு கொடுத்து 'வாங்கிய' படம் லைப்ரரியில் காணோமே... ஏன்?

ஒரு படத்தின் பக்கத்தில் 'Rent' என்றும் 'Buy' என்றும் இரண்டு பட்டன்கள் இருக்கும். விலையைத் தாண்டி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வாடகை கணக்கு எளிது. 2022 ஏப்ரலில் இந்தியாவில் வாடகை சேவையைத் தொடங்கிய அமேசான் பிரைம் வீடியோவை எடுத்துக்கொள்வோம். பணம் கட்டிய பின் பார்க்கத் தொடங்க 30 நாள் அவகாசம். பிளே பட்டனை அழுத்திவிட்டால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குப் பாதி படம் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால், ஞாயிறு இரவு 10 மணிக்கு மேல் மீதியைப் பார்க்க முடியாது. 'படத்தைக் காணோம்' என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: நீங்கள் வாங்கினீர்களா, வாடகைக்கு எடுத்தீர்களா?

'Buy' என்றால் சொந்தமா?

முழுசா இல்லை. உங்களுக்குக் கிடைப்பது படம் அல்ல, அதைப் பார்ப்பதற்கான உரிமம். அந்தத் தளமே தயாரிப்பு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுத்தான் படத்தை விற்கிறது. விற்பனையை மட்டும் நிறுத்தினால் புதியவர்களுக்கு 'Buy' பட்டன் தெரியாது. ஏற்கெனவே வாங்கியவர்களின் லைப்ரரியில் பெரும்பாலும் படம் இருக்கும். ஆனால், ஒப்பந்தமே முடிந்துவிட்டால் அங்கிருந்தும் போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்டூடியோகேனல் நிறுவனத்தின் படங்கள், வாங்கியவர்களின் லைப்ரரியில் இருந்தும் 2022 ஆகஸ்ட் 31-ல் நீக்கப்படும் என்று பிளேஸ்டேஷன் அறிவித்தது. ஜெர்மனியில் 314, ஆஸ்திரியாவில் 137 தலைப்புகள். 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் அதே அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதம் புதிய உரிம ஏற்பாடு செய்து, நீக்கம் கைவிடப்பட்டது.

இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் தனிச் சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே 'Buy' என்று போட்டு விற்பவர்கள், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக டவுன்லோடு செய்து ஆஃப்லைனில் வைத்துக்கொள்ள முடிகிற பொருளுக்கு இது பொருந்தாது.

உங்கள் படம் காணாமல் போனால்?

பணம் கட்டியபோது வந்த இமெயில் ரசீதைத் தேடி எடுங்கள். வாடகையா, வாங்கியதா, எந்த இமெயில் கணக்கு என்பது அதிலேயே இருக்கும். வீட்டில் மூன்று நான்கு கூகுள் கணக்குகள் இருந்தால், டிவியில் ஒன்றும் போனில் ஒன்றுமாக லாகின் ஆகியிருப்பது சகஜம். அடுத்து, கணக்கின் நாட்டை மாற்றினீர்களா என்று பாருங்கள். உரிமங்கள் நாடு வாரியாகத் தரப்படுவதால், இங்கே வாங்கியது வெளிநாட்டில் தெரியாமல் போகலாம்.

பிறகு அதே கணக்கில் படத்தின் பெயரைத் தேடுங்கள். திரும்பவும் விலை கேட்டால், வேறு கணக்கில் வாங்கியிருக்கலாம், அல்லது அது அதே படத்தின் வேறு பதிப்பாக இருக்கலாம். அவசரப்பட்டு இன்னொரு முறை பணம் கட்டிவிடாதீர்கள். பெயரே வரவில்லை, லைப்ரரியிலும் இல்லை என்றால் உரிமம் போயிருக்க வாய்ப்பு அதிகம். ரசீதுடன் கஸ்டமர் கேரிடம் கேளுங்கள்.