பழைய ஃபிரிட்ஜை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உட்கார்ந்து கேளுங்க

போன மாசம் என் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி ஒரு கேள்வியோட வந்தான். மந்தைவெளியில மூணு பேர் சேர்ந்து வாடகை வீட்டுல இருக்காங்க. EB பில் 530 யூனிட், ₹2,292. தி.நகர்ல ஒரு கடைக்குப் போயிருக்கான். அங்கே சேல்ஸ்மேன் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கார்.

"உங்க பழைய ஃபிரிட்ஜ் பின்னாடி 0.9 ஆம்பியர்னு போட்டிருக்கா? 230 வோல்ட்டால பெருக்கினா 207 வாட். ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடும். நாளைக்கு 5 யூனிட், ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 300 யூனிட். எங்க புது ஃபிரிட்ஜ் ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்தான். மிச்சம் 270 யூனிட், யூனிட் ₹8.40. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துடும் சார்."

புது ஃபிரிட்ஜ் ₹24,000. 12 மாச EMI. "போட்டுடவா சார்?"னு கேட்டான். நான் சொன்னது: "இன்னிக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு ஃபிரிட்ஜ் பக்கத்துல உட்காரு."

அந்தக் கணக்குல ரெண்டு தப்பு

முதல் தப்பு, ஆம்பியரை வோல்ட்டால பெருக்கினது. குண்டு பல்பு, அயர்ன் பாக்ஸ் மாதிரி பொருளுக்கு அது சரி. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்குள்ள இருக்கிறது மோட்டார். மோட்டார் இழுக்கிற கரண்ட் முழுசும் வேலையா மாறாது. ஒரு பகுதி காந்தப்புலத்துக்காகப் போயிட்டுத் திரும்பி வரும். இதைத்தான் பவர் ஃபேக்டர்னு சொல்றாங்க. வீட்டு மீட்டர் உண்மையான வாட்டுக்குத்தான் கணக்கு எழுதும். அதனால ஆம்பியர் × வோல்ட் போட்டா பெரும்பாலும் நிஜத்தைவிட அதிகமாத்தான் வரும்.

ரெண்டாவது தப்புதான் பெரிய தப்பு. ஃபிரிட்ஜ் பிளக்ல 24 மணி நேரம் இருக்கும், ஆனா கம்ப்ரஸர் அவ்வளவு நேரம் ஓடாது. உள்ளே தேவையான குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்திடும். வெளிச்சூடு உள்ளே கசிஞ்சு குளிர் குறைஞ்சா மறுபடி ஸ்டார்ட் பண்ணும். கம்ப்ரஸர் எத்தனை வாட் இழுக்கணும்கிறதை கம்பெனி முடிவு பண்ணுது. எவ்வளவு நேரம் ஓடணும்கிறதை உங்க கிச்சன் முடிவு பண்ணுது. ரெண்டும் தெரிஞ்சாத்தான் கணக்கு வரும்:

நாள் யூனிட் = ஓடும்போது வாட் × ஓடும் நேரத்தின் பங்கு × 24 ÷ 1000

வாட்டைக் கண்டுபிடிக்க உங்க EB மீட்டரே போதும்

மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. பக்கத்துல `3200 imp/kWh` மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். அதாவது 3,200 முறை சிமிட்டினா ஒரு யூனிட். உங்க மீட்டர்ல எண் வேறயா இருந்தா அதையே போட்டுக்கோங்க.

தம்பி வீட்டுல ஃபேன், லைட், வைஃபை, சார்ஜர் எல்லாத்தையும் அணைச்சாங்க. கம்ப்ரஸர் ஓடுறப்ப ஒருத்தன் ஃபிரிட்ஜ்கிட்ட, இன்னொருத்தன் கீழே மீட்டர்கிட்ட. 5 நிமிஷத்துல 32 சிமிட்டல். 32 ÷ 3200 = 0.01 யூனிட். 5 நிமிஷத்துக்கு 0.01 யூனிட்னா ஒரு மணி நேரத்துக்கு 0.12 யூனிட், அதாவது 120 வாட். சேல்ஸ்மேன் சொன்ன 207 அங்கேயே விழுந்துடுச்சு.

ஓடும் நேரத்தின் பங்கு

இதுக்குக் காது போதும். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிற 'டக்' சத்தம், அப்புறம் அந்த ரீங்காரம், அது நிக்கிற நேரம். ஒவ்வொண்ணையும் போன்ல மணி பார்த்து எழுதணும். எங்கே ஆரம்பிக்கிறீங்க, எங்கே முடிக்கிறீங்கங்கிறதுல கவனம் வேணும். ஒரு ஸ்டார்ட்ல ஆரம்பிச்சு இன்னொரு ஸ்டார்ட்லதான் முடிக்கணும். நடுவுல வெட்டினா பங்கு தப்பா வரும். அப்புறம் ஒரே ஒரு சுற்றை நம்பாதீங்க. சமைக்கிற நேரத்துல கிச்சன் சூடா இருக்கும், கதவும் அடிக்கடி திறக்கும், அதனால அதிக நேரம் ஓடும். விடிகாலையில குறைவா ஓடும். சாயங்காலம் சில சுற்று, ராத்திரி சில சுற்று எழுதி, ஓடின நிமிஷத்தையெல்லாம் கூட்டி மொத்த நிமிஷத்தால வகுக்கணும்.

தம்பி கொண்டுவந்த நோட்டுல சராசரி 21 நிமிஷம் ஓட்டம், 7 நிமிஷம் ஓய்வு. 21 ÷ 28 = 0.75.

120 × 0.75 × 24 ÷ 1000 = 2.16 யூனிட். 60 நாளைக்கு 130 யூனிட். சேல்ஸ்மேன் சொன்ன 300-ல பாதிகூட இல்லை.

ஆனா எனக்கு உறுத்தினது அந்த 0.75. ஒரு சின்ன சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ், மே மாசமும் இல்லை, முக்கால்வாசி நேரம் ஏன் ஓடணும்? கம்ப்ரஸர் அவ்வளவு நேரம் ஓடுதுன்னா உள்ளே எங்கேயோ சூடு நுழையுதுன்னு அர்த்தம். கதவுல ஒரு பத்து ரூபா நோட்டை வெச்சு மூடி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மேல் பக்கம் இறுக்கமா பிடிச்சது. கீழ் மூலையில வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. டோர் கேஸ்கெட் போயிருக்கு. ஃபிரீசர்ல விரல் கனத்துக்கு ஐஸ் படிஞ்சிருந்ததும் அதனாலதான். ஈரக்காத்து அந்த இடுக்கு வழியா உள்ளே போய் உறைஞ்சிருக்கு.

மெக்கானிக் வந்து கேஸ்கெட் மாத்தினார், கூலியோட ₹800. ஐஸைக் கரைச்சு, ஃபிரிட்ஜைச் சுவத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வெச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி நோட்டு. 12 நிமிஷம் ஓட்டம், 12 நிமிஷம் ஓய்வு. பங்கு 0.5. நாளைக்கு 1.44 யூனிட், 60 நாளைக்கு 86.

சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு பேரும் ஊருக்குக் கிளம்பினாங்க. ஃபிரிட்ஜ் தவிர எல்லாத்தையும் அணைச்சு மீட்டரை போட்டோ எடுத்தாங்க. 60 மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா 3.3 யூனிட் ஓடியிருக்கு, அதாவது நாளைக்கு 1.32. யாரும் கதவைத் திறக்காததால 1.44-ஐவிடக் கொஞ்சம் குறைவு. கணக்கு நிக்குது.

இப்போ என் ஏரியா: ஒரு யூனிட் என்ன விலை?

கேஸ்கெட்டால மிச்சம் 130 − 86, கிட்டத்தட்ட 43 யூனிட். இதை எந்த விலையால பெருக்கணும்? நிறைய பேர் மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுப்பாங்க. ₹2,292 ÷ 530 = ₹4.32. அந்த விலையில மிச்சம் ₹186தான். இது தப்பு. நீங்க குறைக்கிற யூனிட் பில்லோட கடைசியில இருந்துதான் குறையும், சராசரியில இருந்து இல்லை.

2024 ஜூலைல திருத்தின வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கோங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100 ₹2.35, அடுத்த 200 ₹4.70, கடைசி 100 ₹6.30. 500-ஐத் தாண்டிட்டா அந்த ₹2.35 ஸ்லாபே காணாமப் போயிடும். அந்த 100 யூனிட்டுக்கும் ₹4.70. அங்கேயே ₹235 கூடுது. அதுக்கு மேல 600 வரைக்கும் யூனிட் ₹8.40.

தம்பி வீட்டுல மத்த செலவு அப்படியே இருந்தா 530, 487 ஆகும். 487 யூனிட்டுக்கு பில் ₹1,723. மிச்சம் ₹569. 43 யூனிட்டுக்கு ₹569னா யூனிட்டுக்கு ₹13! கட்டண அட்டவணையில எங்கேயும் இல்லாத விலை, ஆனா இவங்க வீட்டுக்கு அதுதான் நிஜ விலை. இதே 43 யூனிட்டை 350 யூனிட் ஓட்டுற வீட்டுல மிச்சம் பண்ணினா ₹202தான். உங்க பில்லை எடுத்து, நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு பார்த்துட்டுப் பெருக்குங்க. கட்டணம் மாறினா எண்ணை மாத்திக்கோங்க, முறை அதேதான்.

அப்போ புது ஃபிரிட்ஜ்?

புது ஃபிரிட்ஜோட ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு 180 யூனிட்னு வெச்சுக்குவோம். 60 நாளைக்கு 30. சரிபண்ணின பழசு 86. வித்தியாசம் 56 யூனிட். ஆனா இப்போ வீடு 487-ல இருக்கு, அதனால இந்த 56 யூனிட் ₹6.30 படியில இருந்துதான் குறையும். பில்லுக்கு ₹353, வருஷத்துக்கு ₹2,117. ₹24,000 திரும்பி வர 11 வருஷத்துக்கு மேல ஆகும். லேபிள் எண் கதவைத் திறக்காம சோதனைக்கூடத்துல எடுத்ததுங்கிறதால, நிஜத்துல இன்னும் தள்ளிப் போகலாம்.

என் கருத்து இதுதான்: ஓடிக்கிட்டிருக்கிற ஃபிரிட்ஜை கரண்ட் மிச்சத்தைக் காரணமா சொல்லி EMI-ல மாத்தாதீங்க. இடம் பத்தலை, ரிப்பேர் செலவு அதிகம், டபுள் டோர் ஆசைன்னா வாங்குங்க, அது உங்க விருப்பம். ஆனா அதைச் 'சேமிப்பு'ன்னு எழுதாதீங்க. கேஸ்கெட் மாத்தியும் பங்கு 0.9-லயே நிக்குது, ஒழுங்கா குளிரவும் இல்லைன்னா கேஸ் லீக்காகவோ கம்ப்ரஸர் தேய்ஞ்சோ இருக்கலாம். அப்போ மெக்கானிக்கோட எஸ்டிமேட்டை வெச்சு மறுபடி கணக்குப் போடுங்க.

இந்த முறை எங்கே சரிவராது?

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் இருந்தா இந்தக் காதுக் கணக்கு வேலைக்கு ஆகாது. அது நிறுத்தி நிறுத்தி ஓடாம, வேகத்தைக் குறைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஓடும். எப்பவும் சத்தம் கேட்குதேன்னு பயப்படாதீங்க, அது பழுது இல்லை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்ல ஐஸைக் கரைக்க ஒரு ஹீட்டரும் அப்பப்போ ஓடும், அது சத்தமே போடாது. இந்த ரெண்டுக்கும் ஊருக்குப் போறப்ப மீட்டரை போட்டோ எடுக்கிற வழிதான் சரி.

தம்பி EMI போடலை. அடுத்த ரீடிங் 500-ஐத் தாண்டவும் இல்லை. ₹800 செலவு ரெண்டு பில்லுக்குள்ள வந்துடும். உங்க வீட்டு ஃபிரிட்ஜோட பங்கு எவ்வளவு? இன்னிக்கு ராத்திரி எழுதிப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.