எத்தனை சதவீதம் உறுதி, எதைப் பற்றி?

சென்ற இதழில் வந்த கட்டுரையின் யோசனை இதுதான். சாட்பாட் ஒரு பதில் சொன்னால், ‘இதில் உனக்கு எத்தனை சதவீதம் உறுதி?’ என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். தொண்ணூறுக்கு மேல் வந்தால் தயங்காமல் அச்சுக்குக் கொடுக்கலாமாம். எழுபதுக்குக் கீழே இறங்கினால் மட்டும் நூலகப் பக்கம் போனால் போதுமாம். இதற்குக் கட்டுரையாளர் காட்டும் வெற்றிக்கதை சித்தன்னவாசல். பயணிகளுக்கான கைப்பிரசுரம் ஒன்று எழுதுகையில், அறிவர் கோயில் ஓவியங்கள் யார் காலத்தவை என்று கேட்டிருக்கிறார். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், ஏழாம் நூற்றாண்டு, 95 சதவீதம் உறுதி என்று வந்திருக்கிறது. பிரசுரம் அச்சேறிவிட்டது.

சித்தன்னவாசலைத் தேர்ந்தெடுத்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருடைய வாதத்தைக் கவிழ்க்க வேறு ஊர் தேடும் அலைச்சல் எனக்கு மிச்சம்.

அறிவர் கோயிலின் முகப்புக்குத் தென்புறம், பாறையிலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர், அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலத்தில், உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் ஆட்சி 815 முதல் 862 வரை என்பது பொதுவான கணிப்பு. அதாவது மகேந்திரவர்மனுக்கு இருநூறு ஆண்டுகள் பிந்தியவன், பல்லவனும் அல்லன். இந்தக் கல்வெட்டு எங்கோ பூட்டிய அறையில் கிடக்கவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது.

பிறகு மகேந்திரவர்மன் எப்படி வந்தான்? 1920ஐ ஒட்டி இந்த ஓவியங்களை உலகுக்கு எடுத்துச் சொன்ன பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், குடைவரையின் பாணியைப் பார்த்து இது மகேந்திரவர்மன் காலத்தது என்றார். அந்த மன்னன் முதலில் சமணனாக இருந்து, அப்பரால் சைவத்துக்கு வந்தான் என்ற மரபுக் கதையும் அதோடு அழகாகப் பொருந்திக்கொண்டது. நல்ல கதைக்குக் கால் முளைக்கும். பாடப்புத்தகம், பொது அறிவு வினா விடை, சுற்றுலாத் துண்டுப்பிரசுரம், இணையப் பக்கம் என்று அது நூறாண்டாக நடந்துகொண்டே இருக்கிறது. 1940களில் ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது, இப்போது கண்ணுக்குத் தெரியும் பூச்சுக்கு அடியில் இன்னொரு பழைய அடுக்கும் இருப்பதைக் கே. ஆர். சீனிவாசன் எடுத்துக்காட்டினார். அந்தச் செய்திக்கு மட்டும் அவ்வளவு நடை வாய்க்கவில்லை.

ஆகவே ‘ஓவியங்கள் யார் காலத்தவை’ என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும், உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. குடைவரையைக் குடைந்தது யார்? அடியில் உள்ள பழைய அடுக்கு எப்போது தீட்டப்பட்டது? இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் தாமரைக் குளமும், தூணில் ஆடும் பெண்களும் எப்போது வந்தன? முதல் கேள்விக்கு ஏழாம் நூற்றாண்டு என்று சொல்ல இடமுண்டு. அதிலும் பல்லவனா பாண்டியனா என்ற வழக்கு உண்டு. மூன்றாவதற்கு, கல்வெட்டை வைத்து ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. இப்போது கட்டுரையாளரின் 95ஐ எடுத்துக்கொள்வோம். அது இந்த மூன்றில் எதற்கு? அவர் கேட்கவில்லை, எண்ணும் சொல்லவில்லை. எதைப் பற்றிய உறுதி என்று தெரியாத உறுதியை அவர் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார்.

முகமண்டபத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இளங்கௌதமன் முகமண்டபம் கட்டினார் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆனால் இன்று வாசலில் நிற்கும் தூண்கள், சமஸ்தானத்தை நிர்வகித்த டாட்டன்ஹாம் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. கல்வெட்டை நேரில் படித்தவர்கூட, இந்தத் தூண்கள்தாம் அந்த மண்டபம் என்று நினைத்துக்கொண்டால் ஏமாறுவார். சான்று என்பதே எந்தக் கல்லுக்கு, எந்தக் கூற்றுக்கு என்று விரலால் தொட்டுக் காட்டவேண்டிய சங்கதி. மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டு மூடிவிட்டால் தொட்டுக்காட்ட ஒன்றும் மிஞ்சாது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கட்டுரையாளர் பெரிதாக வழுக்கியிருக்கிறார். காய்ச்சல்மானியில் பாதரசம் ஏறுவதுபோல, மாடலுக்குள் இருக்கும் ஓர் உறுதியின் அளவு எண்ணாக வெளியே தெரிகிறது என்று எழுதுகிறார். அப்படி ஒரு மானி அங்கே இல்லை. பதிலில் உள்ள ‘மகேந்திரவர்ம’ என்ற சொல்லை மாடல் எப்படி எழுதியதோ, அப்படியேதான் ‘95’ஐயும் எழுதுகிறது. இதுவரை வந்த சொற்களுக்குப் பின் அடுத்து எது வரப் பொருத்தம் என்று பார்த்து எழுதுகிறது. ஒவ்வொரு சொல்லையும் தேர்வதற்கு முன் மாடலுக்குள் நிகழ்தகவுகள் கணக்காகின்றன என்பது உண்மை. ஆனால் திரையில் வரும் 95 அந்தக் கணக்கைப் பார்த்து எடுத்து எழுதியது அல்ல. அப்படியே அந்த உள் நிகழ்தகவைப் பிடித்துவிட்டாலும், இந்த இடத்தில் இந்தச் சொல் வர எவ்வளவு வாய்ப்பு என்பதையே அது முதலில் சொல்லும். ‘சித்தன்னவாசல் ஓவியம்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் மகேந்திரவர்மன் வர நிறையவே வாய்ப்பு உண்டு. நூறாண்டாக அப்படித்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. எண்ணை அவர் பதிலுக்குப் பிறகு கேட்கிறார். தான் சொன்ன பதில் கண்ணெதிரே இருக்க, அதற்கு ஏற்றாற்போல எண் வருகிறது. ‘நிச்சயமாகவா? எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்று கொஞ்சம் முறைத்துக் கேட்டால், சரியான பதிலையும் விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்பவரின் முகத்தைப் பார்த்து ஏறி இறங்கும் எண்ணை அளவு என்று அழைப்பது அளவைக்கே அவமானம்.

ஆய்வுகளையும் துணைக்கு அழைத்திருக்கிறார். ‘வாயால் சொல்லும் சதவீதம், உள் நிகழ்தகவைவிட உண்மைக்கு நெருக்கமாக இருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு கண்டிருக்கிறது’ என்கிறார். கண்டிருக்கிறது, மறுக்கவில்லை. சில மாடல்களில், சில வினாத்தொகுப்புகளில் அப்படி. ஆனால் அதற்குக் காரணம் வாய்ச்சொல்லின் பெருமை மட்டுமல்ல. மனிதர்களுக்குப் பிடித்த மாதிரிப் பேசப் பழக்கும்போது உள் நிகழ்தகவு நிலைகுலைகிறது. ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4 அறிக்கையில் வரைபடமாகவே இதை ஒப்புக்கொண்டது: அடிப்படைப் பயிற்சி முடிந்த நிலையில் உறுதியும் சரித்தன்மையும் ஒத்துப்போயின, பிந்தைய பயிற்சிக்குப் பின் அந்த ஒத்திசைவு குறைந்தது. நொண்டியோடு ஓட்டப்பந்தயம் வைத்து ஜெயித்ததை அவர் தங்கப்பதக்கமாகக் காட்டுகிறார். அதே 2023இல் வந்த வேறோர் ஆய்வு, மாடல்கள் வாயால் சொல்லும் சதவீதங்கள் பெரும்பாலும் 80க்கும் 100க்கும் இடையில், ஐந்தின் மடங்குகளாகவே விழுகின்றன என்று கண்டது. அதை அவர் சொல்லவில்லை.

அந்த ஐந்தின் மடங்குகள் முக்கியம். ஒரு சாட்பாட்டிடம் நூறு கேள்வி கேட்கிறோம், எண்பதுக்குச் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிலுக்கும் அது ‘80 சதவீதம்’ என்றே சொன்னால், சராசரியில் அது அப்பழுக்கற்ற கணிப்பு. ஆய்வு அட்டவணையில் முதலிடம்கூட வரலாம். ஆனால் எந்த இருபது தவறு? ஒன்றையும் அது காட்டிக்கொடுக்கவில்லை. சராசரியில் சரியாக இருப்பது வேறு, சரியையும் தவறையும் பிரித்துக் காட்டுவது வேறு. பிரசுரம் எழுதுபவருக்குச் சராசரி எதற்கு? அவர் கையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. எல்லாப் பதிலுக்கும் 90, 95 என்று வரும் இடத்தில், தொண்ணூறுக்கு மேல் எடுத்துக்கொள் என்ற விதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்ற விதிதான்.

வானிலை ஆய்வு மையம் சதவீதம் சொல்வதில்லையா என்று கேட்கிறார். சொல்கிறது. மறுநாள் மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை. ‘70 சதவீதம்’ என்று சொன்ன நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பத்தில் ஏழு நாள் பெய்ததா என்று யாரும் சரிபார்க்கலாம். மையமும் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். கட்டுரையாளரின் சாட்பாட் சொன்ன 95ஐ எந்த மறுநாள் வந்து சரிபார்த்தது? பிரசுரம் அச்சானபின் பாறை பேசாது. பேசியது ஒன்பதாம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது.

அவர் தரப்பில் ஓரளவு வலுவுள்ள இடம் ஒன்று உண்டு. மாடலுக்குள் தன் தடுமாற்றத்தைப் பற்றிய தடயம் ஏதோ இருக்கிறது. ஒரே கேள்வியைப் புதிது புதிதாகப் பலமுறை கேட்டு, பதில்களின் பொருள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறுகிறது என்று அளந்தால், இட்டுக்கட்டிய பதில்களைக் கணிசமாகப் பிடிக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டக் குகையில் கற்படுக்கைகள் எத்தனை என்று கேட்டு, வேளைக்கு ஒரு எண் வந்தால், மாடலுக்குத் தெரியாது என்று புரிந்துகொள்ளலாம். வாயால் சொன்ன சதவீதத்தைவிட இது பயனுள்ள சோதனை. ஆனால் அந்த ஆய்வாளர்களே ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள்: மாடல் தொடர்ந்து ஒரே தவறைச் சொன்னால் இந்த முறை பிடிக்காது. மகேந்திரவர்மன் அந்த ரகம். பத்து முறை கேட்டாலும் அவனே வரக்கூடும், சிதறல் இல்லாமல், கம்பீரமாக. ‘வேறு பல இணையதளங்களிலும் ஒப்பிட்டேன், எல்லாம் ஒத்துப்போயின’ என்று அவர் எழுதியிருப்பது இதனால்தான் சான்றாகாது. எந்தப் பேச்சைக் கேட்டு மாடல் கற்றதோ, அதே பேச்சிடம் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறார்.

சதவீதம் கேட்ட இடத்தில் வேறென்ன கேட்டிருக்கலாம்? எந்தச் சான்றை வைத்து, அது எங்கே இருக்கிறது, அதற்கு மாறாகச் சொல்லும் சான்று உண்டா என்று கேட்டிருக்கலாம். சாட்பாட் அதற்கும் இல்லாத நூலையும் இல்லாத பக்கத்தையும் சொல்லக்கூடும். ஆனால் இல்லாத பக்கத்தை நூலகத்தில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். 95 என்ற எண்ணைப் புரட்டிப் பார்க்க எந்த நூலகமும் இல்லை.

கடைசியாக, ‘மலையில் நிற்கும் எந்த வழிகாட்டியாவது தன் பேச்சுக்குச் சதவீதம் சொல்வாரா?’ என்று கேலி செய்திருக்கிறார். சொல்லமாட்டார். கல்வெட்டு எங்கே என்று கேட்டால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

அவருக்கு ஒரு வேலை தருகிறேன். 1929ஆம் ஆண்டுத் தொகுதியைப் பிரித்து, புதுக்கோட்டைக் கல்வெட்டுகளைப் பற்றி ஐம்பது கேள்விகள் தயாரிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சாட்பாட் சொன்ன பதில், சொன்ன சதவீதம், கல்வெட்டின்படி சரியா தவறா என்று மூன்று பத்தியில் எழுதட்டும். 95 வாங்கிய பதில்கள், 80 வாங்கியவற்றைவிட உண்மையிலேயே அதிகம் சரியாக இருந்தனவா என்று எண்ணி, அடுத்த இதழில் அட்டவணையாக வெளியிடட்டும். ஒவ்வொரு வரியிலும் கல்வெட்டு எண்ணும் பக்க எண்ணும் இருக்க வேண்டும். சதவீதம் மட்டும் உள்ள வரிகளை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.