கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, போய் வா!

காயல்பட்டினத்துக்குப் பக்கத்தில் ரசாயன ஆலையைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர் சாகுபுரம். அந்த ஊரில் பி.காம். முடித்த ஒரு பெண், சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே நிமிடத்தில் ‘வருந்துகிறோம்’ என்று பதில் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எந்த அதிகாரி கண்விழித்துப் படித்தார்? யாரும் இல்லை. படித்தது ஒரு மென்பொருள்.

அது எப்படிப் படிக்கிறது? கம்பெனி இதுவரை வேலைக்கு எடுத்தவர்களின் விண்ணப்பங்களை அதற்குக் காட்டுவார்கள். அவர்களைப் போல இருப்பவருக்கு அதிக மார்க், மற்றவர்களுக்குக் குறைவு. கட்-ஆஃபுக்குக் கீழே போனால் காலி. அதாவது, நேற்று நாம் செய்த பாரபட்சத்தை இன்று அது அசராமல் செய்யும். அமேசான் கம்பெனி இப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பத்து வருட விண்ணப்பங்களைக் காட்டினார்கள். பெரும்பாலும் ஆண்கள் அனுப்பியவை. விளைவு, ‘மகளிர்’ என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கு மார்க் குறைந்தது. ‘மகளிர் செஸ் கிளப் தலைவி’ என்று எழுதினால்கூட! சரிசெய்து பார்த்தும் நம்பிக்கை வராமல் கைவிட்டார்கள். 2018ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளிக்கொண்டு வந்தது.

இதில் ‘பெண்கள் வேண்டாம்’ என்று யாரும் உத்தரவு போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நிராகரிக்கப்பட்ட பெண்ணுக்கோ தன் ஒருத்தியின் கதைதான் தெரியும். எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நூறு ஆண்களில் 40 பேரும் நூறு பெண்களில் 20 பேரும் தேறினால், பெண்கள் தேறும் விகிதம் ஆண்களுடையதில் பாதி. ஐந்தில் நாலு பங்குக்குக் குறைந்தாலே விசாரி என்பது அமெரிக்க அரசு 1978லேயே வகுத்த அளவுகோல். குறைந்தால் குற்றம் என்று அர்த்தமில்லை. புகை வருகிறது, அடுப்பைப் போய்ப் பார் என்று அர்த்தம்.

வேலை கிடைத்த பிறகும் இந்த மார்க் விடுவதில்லை. நம்ம பெங்களூர் ஓலா கம்பெனி அப்போது லண்டனிலும் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தது. அங்கே டிரைவர் ஒவ்வொருவருக்கும் ‘இவர் மோசடி செய்ய எவ்வளவு வாய்ப்பு’ என்று ஒரு மார்க் இருந்தது. செல்லாத சவாரி என்று கணினி முடிவு செய்தால் வருமானத்தில் பிடித்தம் நடந்தது. ஐரோப்பியத் தரவுச் சட்டத்தைக் காட்டி, ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டில் சில டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். மனிதர் தலையிடாமல் காசைப் பிடித்தால், எந்த அடிப்படையில் என்று சொல்லியாக வேண்டும் என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அந்த மோசடி மார்க் போடும் முறையையும் விளக்கச் சொன்னது. ‘தொழில் ரகசியம்’ என்ற சாக்கு எடுபடவில்லை.

‘கடைசியில் மனிதர்தானே முடிவெடுக்கிறார்’ என்பார்கள். அதே நாளில் ஊபர் வழக்கில் அதற்கும் பதில் கிடைத்தது. டிரைவர்களை நீக்கியதில் ஊழியர்களின் பங்கு வெறும் சம்பிரதாயம் என்றது கோர்ட். கணினி நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது முடிவெடுப்பது ஆகாது.

லண்டன் டிரைவர் கேட்டால் பதில் சொல்லவேண்டிய கம்பெனி, தூத்துக்குடி டிரைவர் கேட்டால்? நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் முழுமையாகவும் சரியாகவும் இருக்கவேண்டும் என்கிறது. நல்லது. ஆனால், என் பிறந்த தேதி சரியாக இருந்தும் எனக்கு ஏன் 38 மார்க் என்று கேட்கும் உரிமை அதில் இல்லை. கர்நாடகம் 2025ல் செயலித் தொழிலாளர்களுக்கு ஒரு சட்டம் போட்டது. அதன்படி, கணினி எப்படிக் கண்காணித்து முடிவெடுக்கிறது என்று கேட்டால் சொல்லவேண்டும். நீக்கினால் எழுத்தில் காரணம், 14 நாள் நோட்டீஸ். தமிழ்நாட்டில் 2023ல் நல வாரியம் வந்தது. நலம் சரி, காரணம் எங்கே?

மென்பொருளின் சூத்திரத்தைச் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. ஒட்டினால் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கேட்பது மூன்றுதான். எந்த விஷயங்கள் என் மார்க்கைக் குறைத்தன என்று எனக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அதை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரிடம் முறையிட வழி கொடுங்கள். யார் யார் எத்தனை பேர் தேறினார்கள் என்று வருடா வருடம் எண்ணி வெளியிடுங்கள்.

பரீட்சையில் ஃபெயிலான பையன்கூடப் பணம் கட்டினால் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்கலாம். பிழைப்பையே தீர்மானிக்கிற மார்க்குக்கு மட்டும் ஏன் இத்தனை ரகசியம்?