அட்மினின் எச்சரிக்கையும் மூன்று சிவப்பு டிக்கும்

பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அட்மின் பெயரில் அவ்வப்போது வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. 'இன்று நள்ளிரவு முதல் புதிய தகவல் தொடர்பு விதிகள் அமலுக்கு வருகின்றன. மூன்று நீல டிக் தெரிந்தால் அரசு உங்கள் செய்தியைக் கவனித்துவிட்டது என்று பொருள். மூன்று சிவப்பு டிக் தெரிந்தால் நீதிமன்ற சம்மன் வரும். ஆகவே வதந்திகளைப் பரப்பாதீர்கள்.' இதைவிட நல்ல நகைச்சுவை கிடைப்பது அரிது. வதந்தி வேண்டாம் என்று சொல்லும் இந்தச் செய்தியே பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் வதந்தி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2020-லேயே இதைப் பொய் என்று அறிவித்தது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே பூட்டப்பட்டே போகின்றன. அந்த நிறுவனமே படிக்க முடியாத ஒன்றுக்கு அரசு எப்படிச் சிவப்பு டிக் போடும்?

அட்மின் இதை அனுப்புவதற்குக் காரணம் பயம். குழுவில் யார் எதைப் போட்டாலும் தன்னைத்தான் போலீஸ் தேடி வரும் என்று அவர் நம்புகிறார். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பெரிய ஆதாரம் இல்லை. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் பதிவானபோது, 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தெளிவாகச் சொன்னது: அவர் வெறும் அட்மின் மட்டுமே, வேறு பங்கு இல்லை என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இருக்கக் கூடாது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் இதே முடிவுக்கு வந்தது. அட்மின் தானே பதிவிட்டாலோ, திட்டமிட்டுத் துணைபோனாலோ கதை வேறு.

அட்மின் உண்மையில் அஞ்ச வேண்டியது எதற்கு என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டதாக ஒரு செய்தி இந்தியா முழுவதும் பரவியது. கூடவே ஒரு வீடியோவும் ஓடியது. தெருவில் விளையாடும் சிறுவர்களில் ஒருவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்லும் காட்சி. அது பாகிஸ்தானில் கராச்சியைச் சேர்ந்த ஒரு தொண்டு அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அதே வண்டி திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடும். பிள்ளைகளைக் கடத்துவது எவ்வளவு எளிது பாருங்கள் என்று ஓர் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடியது, அடித்தது. அந்தக் குடும்பத்தின் 65 வயது மூதாட்டி இறந்துபோனார்.

அந்த வீடியோவை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்ல நினைத்தவர்கள் இல்லை. 'உண்மையா தெரியல, எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க' என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பிய அம்மாக்களும் அப்பாக்களும்தான். வழக்கமான அட்மின் எச்சரிக்கை தோற்பதும் இங்கேதான். 'வதந்திகளைப் பகிராதீர்கள், மீறினால் நீக்கப்படுவீர்கள்' என்று எழுதினால், தான் அனுப்புவது வதந்தி என்று எந்தப் பெற்றோரும் நினைப்பதில்லை. அவர் அனுப்புவது அக்கறை. வதந்தி என்பது மற்றவர்கள் அனுப்புவது.

ஆகவே எண்ணத்தைத் தடைசெய்வதைவிட, கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கேட்பது பலன் தரும். ஊர் எது, தேதி எது, சொன்னது யார்? இவை இல்லாத செய்தி குழுவுக்கு வர வேண்டாம். மழை விடுமுறையை எடுத்துக்கொள்ளலாம். நவம்பரில் இரவு பத்து மணிக்கு, ஆண்டு போடாத பழைய அறிவிப்பு ஒன்று புதிதுபோல் வந்து விழும். 'சென்னையில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற செய்தி உண்மையாகவே இருந்தாலும் தாம்பரம் பள்ளிக்கு அது பொருந்தாது. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது; அங்கே விடுமுறை விடுவது வேறு கலெக்டர். மாவட்டமும் தேதியும் கேட்டாலே பாதிக் குழப்பம் வாசலில் நின்றுவிடும்.

இரட்டை அம்புக்குறியும் உதவும். ஒரு செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருந்தால் வாட்ஸ்அப் அதன் மேல் அந்தக் குறியைப் போடுகிறது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலும், வீடியோவைச் சேமித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாலும் அம்புக்குறி காணாமல் போய்விடும். குறி இருந்தால் சந்தேகப்படலாம்; இல்லாததால் உண்மை என்று சொல்லிவிட முடியாது.

ஒரு மூன்றாம் வகுப்புக் குழுவில், பிள்ளை பிடிப்பவர் பற்றிய ஆடியோ ஒன்று இரவு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அட்மின் இப்படி எழுதலாம்:

'நேற்றிரவு வந்த ஆடியோவை நீக்கிவிட்டேன். அதில் ஊரும் இல்லை, தேதியும் இல்லை. பள்ளியில் கேட்டேன், நம் பகுதியில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். யாராவது வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் இதையும் அங்கே போட்டுவிடுங்கள். இனி இப்படி ஏதாவது வந்தால் முதலில் எனக்குத் தனியாக அனுப்புங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.'

இதில் அனுப்பியவர் பெயர் இல்லை. நாளை பள்ளி வாசலில் அவரை எல்லோரும் பார்க்கத்தான் போகிறார்கள். பெயரைச் சொன்னால் அவர் செய்தியை விட்டுவிட்டுத் தன் மானத்துக்காக வாதாடத் தொடங்குவார். ஆடியோவில் சொன்ன பயங்கரமும் திரும்பச் சொல்லப்படவில்லை. அட்மின் உறுப்பினர் பதிவை எல்லோருக்குமாக நீக்கும் வசதி 2022-ல் வந்துவிட்டது. ஆனால் வெறுமனே நீக்கினால் 'எதையோ மறைக்கிறார்கள்' என்ற புது வதந்தி பிறக்கும். நீக்கியதற்குக் காரணம் சொல்வது அதனால்தான். கேட்பதற்கு ஒரு கதவைத் திறந்துவைப்பதும் முக்கியம். பயந்துபோன பெற்றோர் எங்காவது கேட்டாக வேண்டும்.

சம்பந்தமில்லாத பதிவுகளைத் தனிக் குற்றமாகப் பார்ப்பது பழக்கம். அவை வதந்திக்கு வழிவிடும் விதத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நாற்பது பெற்றோர் இருக்கும் குழுவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் நாற்பது 'ஹேப்பி பர்த்டே குட்டி'. காலையில் முருகன் படம், நடுவே சேலை விற்பனை, மாலையில் கிரிக்கெட். 'நாளை கலர் டிரஸ்' என்று கிளாஸ் டீச்சர் போட்ட ஒற்றை வரி அதற்குள் புதைந்துவிட, மறுநாள் ஒரு குழந்தை மட்டும் யூனிஃபார்மில் போய் நிற்கும். சலித்துப்போனவர்கள் குழுவை மியூட் செய்கிறார்கள். அதன் பிறகு எப்போதாவது திறந்து மேலோட்டமாக ஓட்டும்போது கண்ணில் படுவது அலறும் செய்திதான்: சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி, 'உடனே பகிரவும்'. நாள் முழுக்கப் பார்ப்பவருக்கு, அதற்குக் கீழே இன்னொருவர் போட்ட மறுப்பும் தெரிந்திருக்கும்.

அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டும் வசதி 2018 முதல் இருக்கிறது. பல பள்ளிகள் அதைத்தான் செய்கின்றன. அறிவிப்புக்கு அது சரியான வழி. டீச்சரின் ஒற்றை வரி தொலையாது. ஆனால் பூட்டிய ஒரு வாரத்துக்குள் டீச்சர் இல்லாத இரண்டாவது குழு தொடங்கிவிடும். ஹோம்வொர்க் என்ன, வேன் ஏன் தாமதம் என்ற கேள்விகளோடு முருகன் படமும் பிள்ளை பிடிப்பவர் ஆடியோவும் அங்கே குடிபெயர்ந்துவிடும். பள்ளியில் கேட்டுச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.