வாரக்கணக்கில் தலைவலி, லேசான காய்ச்சல், திடீர் குழப்பம்... மூளை டிபியில் தாமதம் ஏன் ஆபத்து?

முதல் வாரம் சாதாரணத் தலைவலி. மாத்திரை போட்டா குறையுது, மறுபடி வருது. இரண்டாவது வாரம் சாயங்காலமானால் லேசான காய்ச்சல், வாந்தி. மூன்றாவது வாரம் ஆள் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், எதிரில் இருப்பது இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். அதற்குள் சைனஸ், மைக்ரேன், டைபாய்டு என்று மருந்து மாறியிருக்கும்.

மூளை உறையைத் தாக்கும் காசநோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மற்ற பாக்டீரியா மூளைக்காய்ச்சல் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். இது மெதுவாக நகர்ந்து ஏமாற்றிவிடுகிறது. இருமல் இருக்கணும்னு அவசியமே இல்லை.

உள்ளே நடப்பது என்ன? மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான கசிவு படிகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீர் ஓடும் வழியை அது அடைத்தால், தலைக்குள் அழுத்தம் ஏறும். அங்குள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைத்தால் பக்கவாதம். அப்படிச் செத்துப்போன மூளைப் பகுதியை எந்த மருந்தும் மீட்காது. அதனால்தான் நினைவு தெளிவாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறார்கள்.

முக்கியமான பரிசோதனை, முதுகில் ஊசி போட்டு அந்த நீரை எடுத்துப் பார்ப்பது. அதில் சர்க்கரை குறைந்து புரதம் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த நீரில் கிருமிகள் மிகக் குறைவு. சிபிநாட் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கல்ச்சர் முடிவுக்கோ பல வாரம் ஆகும். எனவே அறிகுறிகள் பொருந்தினால், முடிவுக்குக் காத்திருக்காமல் டிபி மருந்தையும் ஸ்டீராய்டையும் டாக்டர்கள் தொடங்கிவிடுகிறார்கள்.

'முதுகுல ஊசி போட்டா நடக்க முடியாம போயிடும்' என்று பயந்து பல குடும்பங்கள் மறுப்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம். உண்மையில் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது.